போனது போகட்டும், போவதைப் பாருங்கள்!

"இவ்வளவு பணம் போட்டாகிவிட்டது. இனிமேலா விடுவது?"

கம்பெனி நிர்வாகிகள் கூடிப் பேசும் இடங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. காதுக்கு இது நியாயமாகவே படும். ஆனால், ஒரு நஷ்டத்தின் மேல் இன்னொரு நஷ்டத்தை ஏற்றி வைப்பது இந்தக் கேள்விதான்!

என்ன செய்தாலும் திரும்பி வராத செலவுக்குப் பொருளாதார நிபுணர்கள் "மூழ்கிய செலவு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூழ்கியதை எண்ணி, மிதப்பதையும் கூடவே தள்ளிவிடுகிறோம் என்பதை 1985-இல் ஆர்க்கெஸ், ப்ளூமர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்தே காட்டினார்கள்.

"நீங்கள் ஒரு விமானக் கம்பெனியின் தலைவர். ராடார் கருவியின் கண்ணில் படாத விமானம் ஒன்றைச் செய்ய 1 கோடி டாலர் ஒதுக்கி, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலையை முடித்துவிட்டீர்கள். அந்தச் சமயத்தில், அதைவிட வேகமும் சிக்கனமும் உள்ள விமானத்தை வேறொரு கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்து விட்டது. மீதிப் பணத்தையும் போடுவீர்களா?" என்று கேட்டார்கள். 48 பேரில் 41 பேர் "போடுவோம்" என்றார்கள்!

வேறு 60 பேரிடம், முன்பு செலவழித்த பேச்சையே எடுக்காமல், "கையில் 10 லட்சம் டாலர் இருக்கிறது. இந்த விமானத்தைச் செய்யலாமா?" என்று கேட்டார்கள். "செய்யலாம்" என்றவர்கள் 10 பேர்தான். விமானம் ஒன்றே, போட்டியும் ஒன்றே. பழைய செலவு ஒன்றுதான் புத்தியைப் புரட்டிவிட்டது.

அப்படியானால் நஷ்டம் வந்த எதையும் உடனே நிறுத்திவிட வேண்டுமா? அதுவும் தவறு. 90 லட்சம் செலவாகிவிட்டது, முடிக்க இன்னும் 10 லட்சம் தேவை என்று வைத்துக்கொள்வோம். முடித்தால் 15 லட்சம் வருமென்றால், முடிப்பதே சரி. நிறுத்தினால் நஷ்டம் 90 லட்சம்; முடித்தால் 85 லட்சம். வருவது 6 லட்சம்தான் என்றால், முடித்தால் நஷ்டம் 94 லட்சமாகிவிடும். ஆகவே நிறுத்த வேண்டும். இரண்டு கணக்கிலும் அந்த 90 லட்சம் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இனிப் போவது எவ்வளவு, இனி வருவது எவ்வளவு? கேட்க வேண்டியது இது மட்டும்தான்.

இந்த எளிய கணக்கு மெத்தப் படித்த மானேஜர்களுக்கு ஏன் வருவதில்லை? கணக்குத் தெரியாமல் அல்ல. வேலை நடக்கும்வரை போட்ட பணம் பெரும்பாலும் ஏட்டில் சொத்தாக உட்கார்ந்திருக்கும். நிறுத்திய அன்றே அது நஷ்டமாக எழுதப்படும். "இதைத் தொடங்கியவர் யார்?" என்ற கேள்வியும் பின்னாலேயே வரும்.

1976-இல் பாரி ஸ்டா என்பவர் 240 வணிகவியல் மாணவர்களைக் கற்பனைக் கம்பெனி ஒன்றின் நிர்வாகிகளாக்கிப் பார்த்தார். எந்தப் பிரிவுக்குப் பணம் தருவது என்று தாங்களே முடிவு செய்து, அது தோற்றதையும் கண்டவர்கள், அடுத்த தவணையில் அதே பிரிவுக்குச் சராசரியாக 1 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். மற்றவர்களின் சராசரி ஒரு கோடியை எட்டவில்லை. தோல்விதான் அவர்கள் கையை இன்னும் தாராளமாக்கிற்று!

மருந்தும் இங்கேதான் இருக்கிறது. தொடங்கியவரிடமே தொடர்வதா என்ற தீர்ப்பையும் விடக்கூடாது.

1985-இல் அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி, ஜப்பானியப் போட்டியில் நினைவகச் சில்லு வியாபாரத்தை இழந்துகொண்டிருந்தது. கம்பெனி வளர்ந்ததே அந்தச் சரக்கினால்தான். நம்மை நீக்கிவிட்டு வேறு தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று ஆண்டி குரோவ், கார்டன் மூரிடம் கேட்டார். இந்த வியாபாரத்தை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய், புதியவர்களாகத் திரும்பி வந்து அதைச் செய்யலாமே என்றார் குரோவ். செய்தார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, பலர் வேலை இழந்தனர், 1986-இல் நஷ்டமும் வந்தது. ஆனால், மிஞ்சிய பணமும் ஆளும் நுண்செயலிகளுக்குத் திரும்பின. கம்பெனி பிழைத்தது.

மேலும் பணம் கேட்டு ஒரு மனு வந்தால், பங்குதாரர்கள் அதை ஊன்றிப் படிக்கட்டும். செலவழித்த தொகைக்கு இரண்டு பக்கம், இனி வரப்போகும் வருமானத்துக்கு இரண்டே வரி என்றிருந்தால், அங்கே கேட்கப்படுவது மூலதனம் அல்ல. ஒருவருடைய கௌரவத்துக்கு விலை. அதைக் கொடுப்பது அவரல்ல. பங்கு வாங்கியவர்களும், நாளை சம்பளம் நின்றுபோகும் தொழிலாளர்களும்தான்!