குழுவில் போடாதீங்க!

"வரிக்கழிவு கோருபவர்கள் டிபி1 படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள்" என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்தது. கொடுத்தால் மாதாந்திர வரிப்பிடித்தம் குறையும். அந்த அவசரத்தில் சக அறிவிப்பாளர் ஒருவர், அம்மாவின் மருத்துவமனை ரசீதையே குழுவில் போட்டுவிட்டார். அடையாள அட்டை எண், நோயின் பெயர் எல்லாம் முப்பது பேர் கண்ணில்! உடனே அழித்தார். ஆனால், என் கைப்பேசியின் படத்தொகுப்பில் அது ஏற்கெனவே இறங்கியிருந்தது. நானும் அழித்தேன்.

இப்போது கணக்குப் பிரிவு அக்கா, குழுவில் கடைசித் தேதியையும் 'இன்னும் நால்வர்' என்ற எண்ணிக்கையையும் மட்டுமே போடுகிறார். அந்த நால்வரையும் தனித்தனியே அழைக்கிறார். படிவத்தைக் கடவுச்சொல் போட்டு அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்புகிறோம். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்கிறோம். அசல் ரசீதுகள்? வீட்டுக் கோப்பில் 7 ஆண்டுகள் பத்திரமாக இருக்கட்டும்.