எத்தனை பேர் வந்தார்கள் என்பது விடை ஆகாது



சமூக மேம்பாட்டுப் பணிக்கான ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் சிலர், அனுப்பும் முன்பு என்னிடம் காட்டுகிறார்கள். மொழிப் பிழை பார்க்கத்தான் தருகிறார்கள். எனக்கோ பிழை வேறொரு இடத்தில் தெரிகிறது. ‘இதுவரை செய்த பணியின் விளைவு’ ஒரு பக்கம், ‘அடுத்த திட்டம்’ மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் பாலமே இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த திட்டத்தில் நீங்கள் எழுதும் இலக்கு எண், பழைய பணியின் நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் பிறக்க வேண்டும். அதிலும் அந்தப் பணி எங்கே கைவிட்டதோ, அங்கிருந்து பிறக்க வேண்டும்.

ஒரு மாணவனின் விண்ணப்பத்தை அவன் சம்மதத்தோடு இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். வட மாவட்டம் ஒன்றில், ஒரு குடியிருப்பில், ஜூலை முதல் ஏப்ரல் வரை வாரம் மூன்று நாள் மாலை வகுப்பு நடத்தினான். முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தான்: “62 குழந்தைகள் பயனடைந்தனர். அடுத்த ஆண்டு 20 கிராமங்களில் 1000 குழந்தைகளின் வாசிப்புத் திறன் மேம்படுத்தப்படும்.”

“தம்பி, இந்த 62 என்ன கணக்கு?” என்று கேட்டேன். “பேர் எழுதிக்கிட்டவங்க, டீச்சர்.” பெயர் எழுதுவது வருகைப் பதிவேடு. குழந்தையிடம் என்ன மாறியது என்பதுதான் விளைவு. நல்ல வேளை, அவனிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு குழந்தையையும் தனியே உட்கார வைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் குறித்திருந்தான். ‘அசர்’ ஆய்வில் செய்வது போன்ற முறைதான். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் சிறு கதை என்று படிப்படியாகப் பார்த்து, குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதுவது.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஜூலையில் அவன் சோதித்தது 48 குழந்தைகளை. அதில் 3 பேர் அப்போதே கதை படித்தார்கள். மீதி 45 பேருக்கு முடியவில்லை. ஏப்ரலில் மறுபடி சோதித்தபோது அந்த 45 பேரில் 34 பேர்தான் இருந்தார்கள். அவர்களில் 16 பேர் கதையைப் படித்துவிட்டார்கள்.

“அப்ப 34ல 16 டீச்சர், கிட்டத்தட்ட பாதி!” என்று சந்தோஷப்பட்டான். நான் 45ல் 16 என்று எழுதச் சொன்னேன். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வகுப்பை விட்டுப் போனவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால் எந்தத் திட்டமும் வெற்றிதான். நம்மிடம் தொடங்கிய எல்லாரும் வகுக்கும் எண்ணில் இருக்க வேண்டும்.

சரி, காணாமல் போன அந்த 11 பேர் எங்கே? நோட்டைப் புரட்டினால் பெரும்பாலானவர்களின் வருகை ஜனவரியோடு நின்றிருந்தது. பொங்கல் முடிந்ததும் பெற்றோர் செங்கல் சூளைக்குப் போகிறார்கள், பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாமலே ஆறாம் வகுப்புக்குப் போகும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

“இத எழுதுனா தோத்துட்டோம்னு நினைப்பாங்களே டீச்சர்” என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் ‘பயனடைந்தனர்’ என்ற சொல்லை ஆயிரம் விண்ணப்பங்களில் படித்திருப்பார்கள். 11 குழந்தைகள் எந்த மாதத்தில், ஏன் போனார்கள் என்று சொல்லக்கூடியவன், அந்த ஊரில் நிஜமாகவே இருந்தவன். அதைவிட முக்கியம், அவனுடைய அடுத்த திட்டத்துக்குக் காரணமே அந்த 11 பேர்தான்.

அப்புறம் 20 கிராமம், 1000 குழந்தைகள் எல்லாம் தானாக உதிர்ந்தன. புதிய திட்டம் இதுதான். சூளைக்குக் குடும்பங்கள் போகும் 4 குடியிருப்புகள். ஆகஸ்டில் நான்கிலும் சோதனை. இரண்டில் மட்டும் உடனே வகுப்பு, கதை படிக்க முடியாத சுமார் 40 குழந்தைகளுக்கு. வாரம் மூன்று நாள் என்பதை ஆறு நாளாக்கி, குடும்பங்கள் கிளம்பும் முன்பே, டிசம்பரில் முடிப்பது. பத்து மாதம் மூன்று மூன்று நாளாக நடந்ததும், ஐந்து மாதம் ஆறு ஆறு நாளாக நடப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு வகுப்புகள்தான்.

இலக்கு எவ்வளவு? பழைய விகிதப்படி 40ல் 14 பேர் கதை படிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் போகும். ஆகவே 12 என்று எழுதினோம். முன்பு 1000 என்று எழுதியபோது “ஏன் 1000?” என்று கேட்டால் அவனிடம் பதில் கிடையாது. “ஏன் 12?” என்று கேட்டால் அரை நிமிடத்தில் சொல்வான்.

மற்ற இரண்டு குடியிருப்புகளில் வகுப்பு அடுத்த ஆண்டுதான். ஆனால் சோதனை மட்டும் அதே ஆகஸ்டிலும் டிசம்பரிலும் நடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கும் போகிறார்கள், வளரவும் செய்கிறார்கள். நம் வகுப்பு இல்லாமலே சிலர் படிக்கக் கற்றிருப்பார்கள். அங்கே எத்தனை பேர் முன்னேறினார்கள் என்று தெரிந்தால்தான், இங்கே வந்த முன்னேற்றத்தில் நம் பங்கு எவ்வளவு என்று ஓரளவாவது சொல்லலாம். ஓரளவுதான். இத்தனை சிறிய எண்ணிக்கையில் அதற்கு மேல் உரிமை கொண்டாடக் கூடாது என்றும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் இரண்டு விஷயம் வற்புறுத்தினேன். பாடம் நடத்துபவரே சோதிக்கக் கூடாது. தடுமாறும் பிள்ளைக்கு முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்காமல் நம்மால் இருக்க முடியாது, நாக்கு துறுதுறுக்கும். அடுத்தது, ஆகஸ்டில் கொடுத்த கதையை டிசம்பரில் கொடுக்கக் கூடாது. பார்க்காமலே ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. சந்தேகம் வந்தால் கதையின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

கடைசியாக இன்னொரு அளவு. சூளையிலிருந்து திரும்பிய பிள்ளைகளை ஜூலையில் மறுபடி படிக்கச் சொல்வது. டிசம்பரில் படித்த 12 பேரில், ஆறு மாதம் புத்தகம் தொடாமல் இருந்துவிட்டு, எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள்? அந்த எண்ணை இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதற்கு இலக்கு வைக்க வேண்டாம், அளந்து மட்டும் சொல்கிறேன் என்று எழுது என்றேன். பழைய தரவு இல்லாத இடத்தில் இலக்கு எழுதுவது ஜோசியம்.

ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. முன்னறிவைச் சோதிக்காமல் நோக்கம் எழுத விடமாட்டார்கள். மதிப்பீட்டுக் கேள்வி அந்த நோக்கத்தைத்தான் கேட்க வேண்டும். ஃபெலோஷிப் விண்ணப்பமும் பெரிய பாடக்குறிப்புதான்.

எண்ணில் அடங்காத நன்மைகளும் உண்டு என்று சிலர் சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். பயந்து ஒதுங்கிய பிள்ளை கூட்டத்தில் பேசத் தொடங்கியதை எந்தப் படியில் குறிப்பது? அதைத் தனியாக, நடந்தபடி எழுதுங்கள். ஆனால் எண்ணக்கூடியதை எண்ணாமல் விடுவதற்கு அதைச் சாக்காக்காதீர்கள்.

அவன் விண்ணப்பம் போய்விட்டது, முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்காவிட்டாலும் ஆகஸ்ட் சோதனையை நடத்தப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்து எழுதப் போகிறவர்கள் வரைவோடு உங்கள் நோட்டையும் எடுத்து வாருங்கள். முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்