நெஞ்சில் தங்கும் கவளம்

"உண்ட சோறு நெஞ்செலும்பின் பின்னே தங்கி நிற்கிறது; இது வாயுவோ?" என வினவி, 58 வயதுடைய வாசகர் ஒருவர் எமக்கு எழுதியுள்ளார். மூன்று மாதங்களுக்கு முன் பாணும் இறைச்சியும் மட்டுமே தடைப்பட்டனவாம். இப்பொழுது குழைந்த சோறும் இறங்க மறுக்கிறது. நீர் மட்டும் தடையின்றி இறங்குகிறது. உடல் நிறையும் குறைந்துவிட்டது.

இத்தொல்லையில் நாம் முதலிற் கேட்பது, தடைப்படுவது எது என்பதையே. திட உணவு முதலிலும், மென்மையான உணவு பின்னரும் தடைப்படுமாயின், உணவுக்குழாயின் வழி ஒடுங்கி வருகிறது எனக் கொள்ளலாம். நெடுநாள் நெஞ்செரிவால் விளைந்த தழும்பும் புற்றுநோயும் இவ்வாறு வழியை ஒடுக்கும். தொடக்கத்திலிருந்தே சோறும் நீரும் ஒருங்கே தடைப்படுமாயின், பெரும்பாலும் குழாய்த் தசையின் இயக்கமே பிழைத்திருக்கும். இடையிடையே பெருங்கவளம் மட்டும் சிக்குமாயின், குழாயின் கீழ்முனையில் உண்டாகும் மெல்லிய சவ்வு வளையம் காரணமாகலாம்.

நேயர் கூறியவை முதல் வகையைச் சாரும். வயதையும் நிறைக் குறைவையும் நோக்குமிடத்துப் புற்றுநோயை ஐயுறாதிருத்தல் இயலாது. தழும்போ புற்றோ என்பதை வாய்வழியே நோக்குகுழாய் செலுத்திப் பார்த்து, ஐயமான இடத்திற் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தே துணியலாம். அமிலம் தணிக்கும் மாத்திரையால் எரிவு தணிந்தாலும் ஐயம் தீராது. ஆகவே, வாயுவென்று கசாயம் அருந்திக் காத்திராது, இவ்வாரமே வைத்தியரை நாடுக.