மாசமா இருக்கீங்களா? முகத்துக்குப் போடற க்ரீமைத் திருப்பிப் பின்பக்கம் படிங்க

1/
கர்ப்பம்னு உறுதியானதும் சாப்பிடற மாத்திரையை எல்லாரும் டாக்டர்கிட்ட காட்டுறீங்க. முகத்துக்குப் போடற க்ரீமை யாரும் காட்டறதில்லை. என்னைக் கேட்டா, முதல் செக்கப்புக்கு அதையும் பையில போட்டு எடுத்துட்டுப் போகணும்.

2/
ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 9 வாரக் கர்ப்பிணி. ராத்திரியில ரெட்டினால் சீரம் போடறாங்க. கன்னத்து மங்குக்கு மெடிக்கல்ல வாங்கின ஒரு க்ரீம். பருவுக்கு 2% சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ். அடுத்த வாரம் பார்லர்ல கெமிக்கல் பீல். இதுல எதை நிறுத்தணும், எதை வச்சுக்கலாம்?

3/
முதல்ல சீரம். ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாபலீன், டசாரோட்டீன் எல்லாம் வைட்டமின் ஏ குடும்பம். இதே குடும்பத்து ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, சிசுவோட மூளை, முகம், காது, இதயத்தைக் கடுமையா பாதிக்கும். பூசும்போது ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம்தான். ஆனாலும் அழகுக்காகப் போடறது, சில மாசம் தள்ளிப்போடலாம். அதனால நிறுத்திடுங்க.

4/
நான் அதிகம் பயப்படறது அந்த மங்கு க்ரீமுக்குத்தான். "மங்குக்கு ஏதாச்சும் குடுங்க"ன்னு கேட்டா, பல கடையில எடுத்துக் குடுக்கறது மூணு மருந்து சேர்ந்த க்ரீம்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன் பூசினா மூணுல ஒரு பங்குக்கு மேல உடம்புக்குள்ள போகும். சீரம்னு எழுதலைங்கறதால இதுலயும் ரெட்டினாய்டு இருக்குன்னு யாருக்கும் தெரியறதில்லை.

5/
இதைப் பல மாசமாப் போட்டிருந்தா, நிறுத்தினதும் முகம் சிவந்து எரியலாம், பரு கிளம்பலாம். ஸ்டீராய்டுக்குப் பழகின தோல் அப்படித்தான் பண்ணும். "க்ரீம் இல்லாம முடியலையே"ன்னு திரும்பப் போடாதீங்க. தோல் டாக்டரைப் பாருங்க.

6/
அடுத்து ஆசிட். 2% சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் கழுவிட்டுப் போயிடும், வச்சுக்கலாம். பார்லர் பீல் வேண்டாம். அதுல ஆசிட்டோட அளவு பல மடங்கு அதிகம், பல நிமிஷம் தோல்ல நிக்கும். கர்ப்பத்துல தோல் சீக்கிரம் கறுக்கும். பீல் புண்ணாக்கினா அந்த இடம் இன்னும் கறுப்பாகும்.

7/
சரி, பதிலுக்கு என்ன? என் முதல் தேர்வு அசெலாயிக் ஆசிட். பருவுக்கும் கேக்கும், மங்குக்கும் கேக்கும். கோதுமை, பார்லியிலயே இருக்கற பொருள். பூசினா உள்ள போறதும் கம்மி. 10% கிடைக்கும், 20% க்ரீமும் கிடைக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், ராத்திரியில, முகம் முழுசுக்கும் ஒரு பட்டாணி அளவு. முதல் ரெண்டு வாரம் லேசா சுருக்குனு இருக்கும், அது சகஜம். எரிஞ்சு சிவந்தா நிறுத்துங்க. பலன் தெரிய 2-3 மாசம் ஆகும்.

8/
பகல்ல சன்ஸ்க்ரீன். மங்குக்கு வெயில் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமும் எதிரி. ஜிங்க் ஆக்சைடோட அயர்ன் ஆக்சைடும் இருக்கற, தோல் நிறத்துல வர்ற சன்ஸ்க்ரீன் ரெண்டையும் தடுக்கும். பிரசவத்துக்கு அப்புறம் பலருக்கு மங்கு தானாவே குறையும். கர்ப்பத்துல அதோட மல்லுக்கட்ட வேண்டாம்.

9/
"இயற்கை ரெட்டினால்"னு பகுச்சியால் விக்கறாங்களே? அது நம்ம நாட்டு மருந்துக்கடையில கிடைக்கற கார்போக அரிசியிலேர்ந்து எடுக்கறது. வேதியியல் ரீதியா ரெட்டினாய்டு இல்லைங்கறது உண்மை. ஆனா கர்ப்பிணிகள்கிட்ட பாதுகாப்பானதுன்னு காட்ட போதுமான தரவு இல்லை. அசெலாயிக் இருக்கும்போது இது எதுக்கு?

10/
"ஐயோ, தெரியாம ரெண்டு மாசம் போட்டுட்டேனே"ங்கறவங்களுக்கு: பயப்படாதீங்க. ஆரம்ப கர்ப்பத்துல ரெட்டினாய்டு க்ரீம் பூசினவங்க குழந்தைகளைப் பார்த்த ஆய்வுகள்ல குறைபாடு தெளிவா கூடலை. பூசின க்ரீமுக்காகக் கருவைக் கலைக்கணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. இன்னைக்கே நிறுத்திட்டு, உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரையா ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருந்தா மட்டும் கதை வேற. தாமதிக்காம அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.

11/
அந்த உதாரணப் பெண்ணுக்கு முடிவா: சீரம் அவுட், மங்கு க்ரீம் அவுட், பீல் ரத்து. ஃபேஸ்வாஷ் இருக்கட்டும். அசெலாயிக்கும் சன்ஸ்க்ரீனும் உள்ள வரட்டும். தாய்ப்பால் நாட்கள்ல பழைய சீரத்தை எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

12/
மெடிக்கல் நடத்தற நண்பர்களே, ஸ்டீராய்டு கலந்த மங்கு க்ரீமைச் சீட்டு இல்லாம குடுக்காதீங்க. கேக்கறது பெண்ணா இருந்தா, "மாசமா இருக்கீங்களாம்மா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிஷம் கூட ஆகாது.