‘நூற்றுக்கு ஒரு ரூபாய்’ என்னும் கணக்கு

செவிலிமேட்டுக் காலனியில் வட்டி என்றால் ‘ஒரு வட்டி’, ‘ரெண்டு வட்டி’ என்றுதான் பேசுவோம். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, ஆண்டுக்குப் பன்னிரண்டு. இந்தக் கணக்கை நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. தறிக்கூலிக்கும் கட்டட வேலைக்கும் போகிற வீடுகளில் அம்மாக்களும் பாட்டிகளும் விரல்விட்டுக் கணக்குப் போட்டே காலம் தள்ளியிருக்கிறார்கள்.

அது ஒரு வகையில் நேரான கணக்கு. பத்தாயிரம் வாங்கினால் மாதம் நூறு வட்டி. அசலைத் திருப்பும் நாள்வரை பத்தாயிரமும் நம் கையில்தான் இருக்கும். முழுப் பணம் நம்மிடம் இருப்பதால் முழுப் பணத்துக்கும் வட்டி கட்டுகிறோம்.

இன்று வண்டி விற்கும் கடைகளில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவன முகவர்களும் இதே மொழியில்தான் பேசுகிறார்கள். “வட்டி ரொம்பக் கம்மிண்ணே, நூத்துக்கு ஒரு ரூபாதான்” என்கிறார்கள். ஒரகடம் ஷிப்ட் வேலைக்குப் போக வண்டி தேடும் நம் பிள்ளைகளுக்கு அது பழகிய சொல்லாக இருக்கிறது. சொல் ஒன்றானாலும் கடன் வேறு. இந்தக் கடனில் அசலை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். ஆனால் வட்டியை மட்டும் கடைசி மாதம்வரை முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் போடுகிறார்கள். இதற்குத்தான் ‘பிளாட் வட்டி’ என்று பெயர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடன் 60,000 ரூபாய், வட்டி 12 சதவீதம், 24 மாதத் தவணை. பிளாட் முறையில் ஆண்டுக்கு 7,200 வீதம் இரண்டு ஆண்டுக்கு 14,400 வட்டி. அசலோடு சேர்த்தால் 74,400. இருபத்து நான்கால் வகுத்தால் மாத டியூ 3,100. இதில் அசலுக்கு 2,500, வட்டிக்கு 600.

அதே 60,000, அதே 12 சதவீதம், அதே 24 மாதம். ஆனால் மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று வைத்துக்கொள்வோம். இதைக் ‘குறையும் அசல்’ முறை என்கிறார்கள். மாத டியூ 2,824 ரூபாய்தான். மொத்த வட்டி சுமார் 7,786. ஒரே ‘பன்னிரண்டு’ என்ற எண்ணுக்குள் 6,600 ரூபாய் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

அது எங்கே ஒளிகிறது? முதல் மாதம் இரண்டிலும் வட்டி 600 ரூபாய்தான். அதனால்தான் கடையில் நிற்கும்போது வேறுபாடு தெரிவதில்லை. பதின்மூன்றாவது மாதம் வரும்போது, பிளாட் கணக்குப்படியே பாதி அசலைத் திருப்பிவிட்டோம், 30,000தான் மீதி. அப்போதும் வட்டி 600. அதாவது ‘ஒரு வட்டி’ சத்தமில்லாமல் ‘ரெண்டு வட்டி’யாகிவிட்டது. கடைசி மாதம் மீதி அசல் 2,500. அதற்கும் வட்டி 600. குறையும் அசல் முறையில் அந்தக் கடைசி மாத வட்டி 28 ரூபாய்.

இந்த 12 சதவீத பிளாட் வட்டியைக் குறையும் அசல் முறைக்கு மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 21.6 சதவீதம் வருகிறது. ஆவணக் கட்டணம், நடைமுறைக் கட்டணம் என்று 1,800 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது 58,200தான். ஆனால் டியூ அதே 3,100. அப்போது உண்மையான வட்டி ஏறத்தாழ 25 சதவீதம். இன்னோர் இடத்தில் “குறையும் அசலுக்கு 18 சதவீதம்” என்று நேர்மையாகச் சொல்கிறவரிடம் வாங்கினால் மாத டியூ 2,995தான் வரும். ஆனால் பதினெட்டு என்றதும் பயந்து, பன்னிரண்டு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

நிறுவனங்களுக்கு இந்த உண்மை தெரியாதா? கடனை இடையில் முடிக்கப் போனால் விடை கிடைக்கும். பன்னிரண்டு டியூ ஒழுங்காகக் கட்டியவர் பாதி அசல் 30,000 கட்டினால் போதும் என்று நினைத்துப் போவார். அங்கே நீட்டும் தாளில் மீதி அசல் 33,195 என்று இருக்கலாம். 21.6 சதவீதத்தில் குறையும் அசல் கணக்குப் போட்டால் வருகிற தொகை அது. நம்மிடம் வாயால் சொன்னது பிளாட். அவர்கள் பதிவேட்டில் ஓடுவது குறையும் அசல். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்தை அதற்குமேல் தனியாகக் கேட்பார்கள்.

ஏமாறுவதற்கு அறியாமை மட்டும் காரணம் இல்லை. பட்டா இல்லாத வீடு, சம்பளச் சீட்டு இல்லாத ஒப்பந்த வேலை, ஜாமீன் போட ஆள் இல்லாத உறவு. வங்கிக்குப் போனால் இவற்றைக் கேட்கிறார்கள். தாட்கோ கடனுக்கு மனு கொடுத்துவிட்டு வங்கியின் ஒப்புதலுக்காக அலைகிற நேரத்தில், கடைக்காரர் அரைமணியில் வண்டியைக் கொடுத்துவிடுகிறார். வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் அந்த 6,600 ரூபாய். அதில் மாதம் 276 ரூபாய் கூடுதல் டியூ. வேலை இல்லாத ஒரு மாதத்தில் டியூ தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வருகிறார்கள். வண்டி போனால் வேலையும் போகிறது.

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளைக் கொடுக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதில் ‘ஆண்டு சதவீத விகிதம்’ என்று ஓர் எண் இருக்கும். வட்டி, கட்டணம், நிறுவனம் வழியாக வசூலிக்கும் காப்பீடு எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. நம் எடுத்துக்காட்டில் அந்த இடத்தில் 12 என்று எழுத முடியாது. 25-ஐ ஒட்டித்தான் எழுத வேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்கவும் கூடாது. ஆகவே முகவரிடம் “வட்டி எவ்வளவு?” என்று கேட்பதைவிட, அந்தத் தாளைக் கேட்டு, அந்த எண்ணைப் பார்ப்பதே வழி.

தாள் தரவில்லை என்றால் நாமே கணக்குப் போடலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் கணினியில் எக்செல் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
=RATE(24,-3100,58200)*12
```

முதல் எண் மாதங்கள், அடுத்தது டியூ, மூன்றாவது உண்மையில் கைக்கு வந்த தொகை அல்லது கடைக்குப் போன தொகை. வரும் விடையே உண்மையான ஆண்டு வட்டி.

தாள் தர மறுத்தாலும், வாயால் சொன்னதற்கும் வசூலிப்பதற்கும் பொருத்தம் இல்லாவிட்டாலும் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். ஆனால் தெருவில் தண்டலுக்கு விடுகிறவருக்கும், பதிவில்லாத பைனான்சுக்கும் இந்த விதி பொருந்தாது. அங்கே அளவுமீறிய வட்டியென்றால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இரண்டு. வண்டிக் கடைகளில் கடன் கொடுக்கும் மேசைகளில் ஆண்டு சதவீத விகிதத்தைத் தமிழில் எழுதி மாட்டச் சொல்லுங்கள். தாட்கோ மனுக்களை வங்கிகள் எத்தனை நாளில் முடிக்கின்றன என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிடுங்கள். அந்த இரண்டாவது கணக்கு சரியானால், முதல் கணக்கில் ஏமாறப் போகிறவர்கள் தானாகவே குறைவார்கள்.