"அழகு, அழகு" என்று எழுதினால் மார்க்கா?

தமிழ்ப் பரீட்சையில் ஒரு கேள்வி வரும். ஒரு பாட்டைக் கொடுத்து, "இதன் நயத்தைப் பாராட்டி எழுதுக" என்று கேட்பார்கள்.

இந்த விடைக்கு மார்க்கு போடுவது எளிதல்ல. கணக்கு என்றால் விடை ஒன்றுதான். பாட்டின் நயத்துக்கு அப்படி ஒரே விடை கிடையாது. அதனால் சிலர் பக்கத்தை எண்ணி மார்க்கு போடுகிறார்கள். வேறு சிலர் எதுகை, மோனை, அணி, சந்தம் என்ற தலைப்புகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார்கள். இரண்டும் தவறு. பாட்டைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கும், புரிந்துகொள்ளாத பிள்ளைக்கும் ஒரே மார்க்கு கிடைத்துவிடுகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

குறுந்தொகை என்ற சங்க நூலில் 40-ஆவது பாட்டு மிகவும் பெயர் பெற்றது. அதில் ஐந்தே அடிகள். காதலன் காதலியிடம் பேசுகிறான். இருவருடைய தாய்மாரும் ஒருவருக்கொருவர் யார் என்று கேட்கிறான். தந்தையர் எந்த முறையில் உறவு என்று கேட்கிறான். தாங்கள் இருவரும் முன்பு எப்படி அறிமுகம் என்றும் கேட்கிறான். பிறகு ஓர் உவமை சொல்கிறான். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் போல, அன்பு கொண்ட நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடிக்கிறான்.

இதைப் பாடிய புலவரின் இயற்பெயர் தெரியவில்லை. அந்த உவமையே அவருக்குப் பெயராகி, "செம்புலப் பெயனீரார்" என்று அவர் வழங்கப்படுகிறார்.

இரண்டு விடைகள்

இந்தப் பாட்டுக்கு ஒரு மாணவனும் ஒரு மாணவியும் விடை எழுதியதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 மார்க்கு. பொருள் உணர்ந்ததற்கு 4, காட்சியை விளக்கியதற்கு 3, பொருத்தமான மேற்கோளுக்கு 3.

மாணவன் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். தாய் தந்தையரின் அன்பைப் போற்றும் பாட்டு என்று தொடங்குகிறான். எதுகையும் மோனையும் தேன்போல் இனிக்கின்றன என்கிறான். உவமை மிக அருமை என்கிறான். ஐந்து அடிகளையும் அப்படியே எடுத்து எழுதிவிட்டு, "எவ்வளவு அழகு!" என்று முடிக்கிறான்.

மாணவி அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறாள். "பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் காதலிக்கு அவன் தைரியம் சொல்கிறான்" என்று தொடங்குகிறாள். உவமை வரும் ஓர் அடியை மட்டும் எடுத்துக் காட்டுகிறாள். அதன் கீழே, "மழை வானத்திலிருந்து வருகிறது. மண் பூமியில் கிடக்கிறது. இரண்டுக்கும் முன் உறவு இல்லை. ஆனால் விழுந்த உடனே நீர் மண்ணின் நிறத்தைப் பெற்றுவிடுகிறது. இவர்களும் அப்படித்தான்" என்று எழுதுகிறாள்.

பொருள்

முதலில் பார்க்க வேண்டியது, யார் பேசுகிறார், யாரிடம், எதற்காக என்பது. மாணவன் இங்கேயே வழுக்கிவிட்டான். தொடக்கத்தில் தாயும் தந்தையும் வருவதைக் கண்டு, பெற்றோரைப் பற்றிய பாட்டு என்று எண்ணிவிட்டான். கேள்விகளைக் கவனித்தான், பதிலைக் கவனிக்கவில்லை. பொருளுக்கு அவனுக்கு மார்க்கு இல்லை.

மாணவி பாட்டின் நோக்கத்தைப் பிடித்துவிட்டாள். காதலியின் அச்சம் பாட்டின் அடிகளில் இல்லை. பாட்டுக்குக் கீழே பின்னாளில் சேர்த்த குறிப்பில்தான் இருக்கிறது. அதை அவள் பயன்படுத்தியது தவறல்ல. ஆனால் அந்த மூன்று கேள்விகள் எதற்கு என்று அவள் விளக்கவில்லை. எனவே 4-க்கு 3.

வேறொரு பிள்ளை, "இது சாதி பார்க்காத காதலைப் பாடுகிறது" என்று எழுதலாம். பாட்டில் சாதி என்ற பேச்சே இல்லை. முன் உறவு இல்லை என்பதுதான் இருக்கிறது. "இன்று படிக்கும்போது இப்படி ஓர் எண்ணம் தோன்றுகிறது" என்று பிரித்து எழுதினால் ஏற்கலாம். புலவரே அப்படிச் சொன்னார் என்றால் ஏற்க முடியாது.

காட்சி

"உவமை அணி வந்துள்ளது" என்று பெயர் சொல்வது முதல் படிதான். அதற்காக மாணவனுக்கு 1 மார்க்கு தரலாம். அந்த உவமை என்ன வேலை செய்கிறது என்று சொல்வது அடுத்த படி. மாணவி அதைச் சொல்லிவிட்டாள். மண்ணும் மழையும் அயலார் என்று அவள் கண்டுபிடித்ததால், உவமை முன்னே வந்த கேள்விகளுக்குப் பதிலாகிவிடுகிறது. அவளுக்கு முழுதாக 3.

இங்கே ஒரு சிக்கலான விடையும் வரலாம். "செந்நீரைப் பானையில் வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். நீர் தெளிந்துவிடும். ஆகவே இந்தக் காதல் பிரியக்கூடியது" என்று ஒரு பிள்ளை எழுதினால்? கெட்டிக்காரத்தனமான எண்ணம்தான். ஆனால் பாட்டில் பானை இல்லை. பெய்யும் மழையும் நிலமும்தான் உண்டு. கலந்துவிட்டன என்று நடந்து முடிந்ததாகவே காதலன் சொல்கிறான். உவமையை உற்று நோக்கியதற்குப் பாதி மார்க்கு தரலாம். பாட்டின் சொல்லுக்கு எதிராகப் போனதால் முழு மார்க்கு தர முடியாது.

மேற்கோள்

பாட்டு முழுவதையும் எடுத்து எழுதுவது மேற்கோள் ஆகாது. அது நகல். கேள்வித்தாளிலேயே அது இருக்கிறது. மேற்கோள் என்பது சாட்சி. சொன்ன கருத்துக்குச் சாட்சி சொல்லும் ஓரிரு சொல்லையோ ஓர் அடியையோ மட்டும் கொண்டுவர வேண்டும். அதை நீக்கிப் பார்த்தால் விளக்கம் ஆட்டம் காண வேண்டும். மாணவனின் ஐந்து அடிகளையும் அடித்துவிட்டாலும் அவன் விடையில் ஒன்றும் குறையாது. அவனுக்கு 0.

மாணவியின் மேற்கோளை நீக்கினால், அவள் விளக்கம் எந்த அடியைப் பற்றியது என்றே தெரியாமல் போகும். ஆனால் ஒரு சொல்லை அவள் பிழையாக எழுதிவிட்டாள். பொருள் மாறவில்லை என்றாலும் 1 மார்க்கு குறையும். எனவே 2.

ஓசை நயத்துக்கும் இதுவே விதி. "மோனை இனிக்கிறது" என்றால் போதாது. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் என்று காட்ட வேண்டும். அது பொருளுக்கு என்ன உதவி செய்கிறது என்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டில் முதல் மூன்று அடிகளிலும் அவன் பக்கம் ஒரு சொல், அவள் பக்கம் ஒரு சொல் என்று இரண்டிரண்டாக வருகின்றன. கடைசி அடியில் அந்தப் பிரிவு இல்லை. நெஞ்சங்கள் ஒன்றாகவே நிற்கின்றன. இதை அடியோடு எடுத்துக் காட்டும் பிள்ளைக்குத் தாராளமாக மார்க்கு தரலாம்.

கூட்டிப் பார்த்தால்

மாணவனுக்கு 10-க்கு 1. மாணவிக்கு 10-க்கு 8. பக்கத்தை எண்ணியிருந்தால் முடிவு தலைகீழாகப் போயிருக்கும்.

இது மாணவனுக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அவன் விடையை வேறு எந்தப் பாட்டின் கீழே ஒட்டினாலும் பெரும்பாலும் பொருந்திவிடும். தேன் என்பான், அருமை என்பான், அழகு என்பான். அதற்கு மார்க்கு கொடுத்தால், அடுத்த ஆண்டும் அதையே மனப்பாடம் செய்துகொண்டு வருவான்.

அவனுக்கு வெறும் 1 என்று போட்டுத் திருப்பிக் கொடுப்பதும் நியாயமல்ல. "பேசுவது யார்? கடைசி இரண்டு அடிகளை மறுபடி படி" என்று விடையின் ஓரத்தில் ஆசிரியர் எழுத வேண்டும். மார்க்கு ஏன் குறைந்தது என்று தெரிந்தால்தான், அவன் மீண்டும் பாட்டிடம் போவான்.