பில்லுல பேர் மாறினா வீடு மாறாது

ஹேவாஹெட்ட பக்கம் அப்பா இறந்து பல வருஷமாகியும் அவர் பேர்லயே கரண்ட் பில் வர்ற வீடுகள் இருக்கு. காசு கட்டுற வரைக்கும் யாரும் கேக்கிறதில்ல. மூத்தவர் தன் பேருக்கு மாத்தப் போகும்போதுதான் சண்டை தொடங்குது. எனக்கு அந்தச் சண்டையே வீண் எனத் தோன்றுகிறது. பில் என்பது யார் கட்டுறாங்க என்ற பதிவுதான், உறுதி இல்ல.

மலையகத் தமிழருக்குக் கண்டியச் சட்டமும் இல்ல, தேசவழமையும் இல்ல. மரணசாசனம் எழுதாமல் அப்பா இறந்தால், 1876 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் சொத்தில் பாதி அம்மாவுக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஆறில் ஒன்று, கட்டிக்கொடுத்த மகளுக்கும்தான்.

அதனால பில்லை அம்மா பேருக்கு மாத்துறதே நியாயம். பிள்ளைகள் எல்லாரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கட்டும், ஆளுக்கொரு பிரதி இருக்கட்டும். போறதுக்கு முன்னாடி மரணச் சான்றிதழையும் உறுதியையும் பக்கத்துல வச்சு எழுத்துக்கூட்டிப் பாருங்க. "ராமையா" ஒன்றில் "ராமய்யா" ஆகியிருந்தா, இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி கேப்பாங்க. நம்ம பேர்களை அடுத்தவங்க எழுதின காலத்து வினை அது.

லயத்துக் காம்பராவுக்கு இந்தப் பங்குக் கணக்கே பொருந்தாது. அங்க அப்பா பேர்ல உறுதியே இருந்ததில்லையே.